போஸ்டர் படத்தில் மாற்றிய தமிழ் எழுத்தை வெளியிடும் முன் சரிபார்ப்பது எப்படி?

"எங்கள் வாசகர் வட்டத்தின் பொங்கல் விழாவுக்குப் போன வருடப் போஸ்டர் படத்தையே எடுத்து எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் குரூப்பில் போட்ட பிறகுதான் யாராவது பிழை காட்டுகிறார்கள். எழுத்துப்பிழையையும் எழுத்து உடைவதையும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் நீங்கள் படிக்கிற மாதிரி படித்தால் கிடைக்காது. நாமே தட்டிய வரியை நாமே படிக்கும்போது கண் எழுத்துகளைத் தொடுவதே இல்லை. மனதில் இருக்கும் வாக்கியத்தை எடுத்துப் படத்தின் மேல் போர்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. 'வெறறி' என்று புள்ளி இல்லாமல் இருந்தாலும் நமக்கு 'வெற்றி' என்றுதான் கேட்கும்.

நான் பல வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். அங்கே தாளில் வரும் பிழைக்கும் படத்தில் வரும் பிழைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தாளில் பெரும்பாலும் தட்டியவர் செய்த பிழை மட்டும்தான் இருக்கும். படத்தில் அதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். ஒன்று, எழுத்தை வரையும் மென்பொருள் செய்வது. இன்னொன்று, பழைய படத்தில் ஒட்டு வேலை செய்யும்போது கை செய்வது. மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் சிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்தப் பொங்கலுக்கு முன் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற ஒரு படம் என்னிடம் வந்தது. அதையே வைத்துச் சொல்கிறேன். அதில் இருந்திருக்க வேண்டிய வரிகள் இவை: பொங்கல் விழா, ஆறாம் ஆண்டு, கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, ஓவியப் பயிற்சி முகாம், வெற்றி பெறுவோருக்குப் பரிசு, அப்புறம் நாள். மொத்தமே ஏழு வரிதான். ஏழிலும் பிழை இருந்தது.

முதலில் மென்பொருள் செய்யும் பிழை. தலைப்பில் 'பொங்கல்' என்ற சொல்லில் ப முதலில் நின்றது. அதற்குப் பின்னால் கொம்பு, நடுவில் புள்ளியால் ஆன ஒரு சின்ன வட்டம், கடைசியில் கால். தட்டியவர் மேல் தப்பில்லை. யூனிகோடில் 'பொ' என்பது முதலில் ப, அப்புறம் ொ என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் கொண்டுபோய் வைப்பது, எழுத்தைத் திரையில் வரையும் பகுதியின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், சேமித்த வரிசைப்படியே வரைந்துவிடும். அந்தப் புள்ளிவட்டத்தைக் கண்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இந்தக் கோளாறுதான்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இது அடிக்கடி வரும். Preferences பக்கத்தில் Type என்ற பகுதிக்குப் போய் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் பழையவற்றில் அதற்கு Middle Eastern and South Asian என்று பெயர். அதற்கு முன் செய்த லேயர்கள் அப்படியே உடைந்து நிற்கலாம். அதனால் புது டெக்ஸ்ட் லேயர் எடுத்து வரியை மறுபடி ஒட்டிப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் Paragraph பெட்டியின் மெனுவில் World-Ready என்றோ South Asian என்றோ பெயரில் வரும் Composer ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் செயலிகளில் சாதாரண வரி பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். எழுத்தை வளைவாகப் போடும்போதும், செங்குத்தாக அடுக்கும்போதும், வீடியோவில் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்ற வைக்கும்போதும்தான் உடையும். ஏனென்றால் அந்த இடங்களில் செயலி வரியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அது எங்கே வெட்டும் என்று நம்மால் சொல்ல முடியாது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வசதியும் இதே வகைதான். ஆங்கிலத் தலைப்புக்கு அது அழகு. தமிழில் கொம்பும் காலும் தங்கள் எழுத்தை விட்டு விலகி அநாதையாக நிற்கும். 'கோலம்' என்பதில் கொம்பு ஒரு ஓரமாக, க ஒரு ஓரமாக நிற்பதைக் கண்டால் அந்த அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு புது எழுத்துருவையோ புதுச் செயலியையோ எடுத்தால், வேலையைத் தொடங்கும் முன் நான் இந்த ஒரு வரியைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன்:

```
கெ கே கை கொ கோ கௌ டி டீ லு லூ ணை னை ஸ்ரீ க்ஷ
```

இதில் எது கோணலாக வந்தாலும் அந்த எழுத்துருவை ஒதுக்கிவிடலாம். கடைசி இரண்டும் கூட்டெழுத்து. 'ஸ்ரீ' ஒரே வடிவமாகச் சேராமல் ஸ், ரீ என்று தனித்தனியாக வந்தால் எழுத்துருவில் அந்தச் சேர்க்கை இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. இந்த ஸ்ரீயை யூனிகோடில் ஸ வைத்தும் தட்டலாம், ஶ வைத்தும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். சில எழுத்துருக்கள் ஒன்றை மட்டும் சேர்க்கும், மற்றதைச் சேர்க்காது. அதனால் எழுத்துருவைத் தூக்கிப் போடும் முன் இரண்டு மாதிரியும் தட்டிப் பாருங்கள். அழைப்பிதழ்ப் படங்களில் ஸ்ரீ வராத படமே அபூர்வம் என்பதால் சொல்கிறேன்.

பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் இந்த உடைவு வராது. அங்கே கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறோம். 'பொங்கல்' என்பது உள்ளே `nghq;fy;` என்றுதான் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் கோலம்தான் வெளியே தெரியும். ஆனால் பாமினிக்கே உரிய ஒரு பிழை உண்டு. காலுக்கு ஒரு விசை, ர-வுக்கு வேறு விசை. வேகத்தில் மாறிவிட்டால் பெரிதாகக் கண்ணில் படாது. இதிலிருந்துதான் இரண்டாவது வகைப் பிழைக்கு, அதாவது ஒட்டு வேலைக்கு வருகிறேன்.

என்னிடம் வந்த படத்தில் போன வருடம் 'ஐந்தாம் ஆண்டு' என்று இருந்தது. எழுத்தெல்லாம் படத்தோடு படமாக ஒட்டிப்போயிருந்ததால் திருத்தியவர் புதிதாகத் தட்டவில்லை. அதே படத்தில் வேறு இடங்களில் இருந்த எழுத்துகளை வெட்டி எடுத்து 'ஆறாம்' என்று கோத்திருக்கிறார். கால் தேவைப்பட்ட இடத்தில் 'பரிசு' என்ற சொல்லின் பக்கத்தில் கிடைத்த ஒரு ர-வை எடுத்து வைத்துவிட்டார். விளைவு, 'ஆறரம் ஆண்டு'. ஐந்து பேர் பார்த்தும் தெரியவில்லை என்றார்கள். நம்பினேன். பல எழுத்துருக்களில் ர-வுக்கு அடியில் ஒரு சின்னச் சாய்கோடு இருக்கும், கால் நேராக இறங்கி முடியும். அந்த ஒரு கோட்டைத்தான் பார்க்க வேண்டும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கால் வரும் ஒவ்வொரு இடத்திலும் அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். 'ர்' வரும் இடங்களையும் அப்படியே பாருங்கள். காலின் தலையில் புள்ளி வைத்தால் 'ர்' மாதிரியே இருக்கும். தமிழில் காலுக்குப் புள்ளி கிடையாது.

கொம்பு, எழுத்து, ள என்று கோத்து 'கௌ' செய்வதும் இதே கதைதான். படத்தில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சில எழுத்துருக்களில் 'கௌ'வின் கடைசியில் வரும் கொம்புக்கால் ள-வைவிடச் சிறியதாக இருக்கும். அங்கே 'கௌதம்' என்பது 'கெளதம்' என்று பச்சையாகத் தெரிந்துவிடும். இன்னொரு பக்க விஷயம். மிகப் பழைய அச்சிலிருந்தோ கையெழுத்துப் பலகையிலிருந்தோ எழுத்தை வெட்டி எடுத்தால், ணை, லை, னை, றா போன்றவை 1978-க்கு முந்தைய வடிவத்தில் இருக்கலாம். அவை பிழை இல்லை. ஆனால் ஒரே வரியில் யானைத் துதிக்கை வைத்த 'லை' ஒன்றும் இன்றைய 'லை' ஒன்றும் நின்றால் ஒட்டு வேலை வெளியே தெரிந்துவிடும்.

ஒட்டு வேலையில் எழுத்தைவிட அதிகம் மாட்டுவது, மாற்ற மறந்த பழைய விவரம். அந்தப் படத்தில் நாள் '18.01.2026, சனிக்கிழமை, தை 5, திருவள்ளுவர் ஆண்டு 2056' என்று இருந்தது. போன வருடத்தின் 2025-ஐ மட்டும் 2026 ஆக்கியிருக்கிறார். 2025 ஜனவரி 18 சனிதான். 2026-இல் அதே தேதி ஞாயிறு. 2025-இல் தை முதல் நாள் ஜனவரி 14 அன்று வந்தது, 2026-இல் 15 அன்று வந்தது. அதனால் தை 5 என்பது தை 4 ஆகிறது. திருவள்ளுவர் ஆண்டு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டி வருவது, ஆகவே 2057. ஓர் எண்ணை மாற்றினால் அதோடு மூன்று விவரம் மாற வேண்டியிருக்கிறது பாருங்கள். இதில் எந்த எழுத்துப்பிழைத் திருத்தியும் உதவாது. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் வழி. செல்பேசி எண் இருந்தால் வாயால் படிப்பதோடு விடாமல், படத்தைப் பார்த்து அந்த எண்ணைப் போட்டு ஒரு தடவை கூப்பிட்டே விடுங்கள்.

சரி, புள்ளிக்கு வருவோம். படத்தில் காணாமல் போவதில் முதலிடம் புள்ளிக்குத்தான். 'வெற்றி' என்ற சொல்லில் ற் மேல் புள்ளி கோப்பில் இருந்தது, படத்தில் இல்லை. காரணம், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே இடமே விடவில்லை. மேல் வரியில் இருந்த 'மு'வின் அடிச்சுழி கீழே இறங்கி இந்தப் புள்ளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகார விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி போதாது. வரிக்கு வரி தூரம் எழுத்தின் அளவைப் போல ஒன்றேகால் மடங்குக்குக் குறையாமல் நான் வைப்பேன், தடித்த எழுத்து என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

புள்ளியைத் தின்னும் இன்னொன்று, எழுத்தைச் சுற்றிப் போடும் தடித்த வெள்ளைக் கோடு. அது புள்ளியை மட்டும் கெடுப்பதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசமே ஒரு சின்னச் சுழிதான். விசிறிக்கும் சுழித்த விசிறிக்கும் அப்படியே. கோடு தடித்தால் அந்தச் சுழி அடைபட்டுப் போகும். என்னிடம் வந்த படத்தில் 'பேச்சுப் போட்டி' தூரத்தில் இருந்து பார்த்தால் 'பெச்சுப் பொட்டி'யாகத்தான் தெரிந்தது. கோப்பில் சரியாக இருக்கிறது என்று திருத்தியவர் வாதாடினார். கோப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? இதைக் கண்டுபிடிக்க, கோடு, நிழல், மினுமினுப்பு எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் அவற்றைப் போட்டுவிட்டு, படத்தைச் செல்பேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் தெரிந்த சுழி இரண்டாவதில் தெரியவில்லை என்றால் கோட்டைக் குறைக்க வேண்டும்.

இனி தட்டியவரின் பிழை. இதைப் படத்தில் தேடாதீர்கள், தட்டும் முன்பே முடித்துவிடுங்கள். வரிகளை முதலில் வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் எழுதி, நீச்சல்காரன் உருவாக்கிய வாணி திருத்தியில் எழுத்துப்பிழையையும் நாவியில் சந்தியையும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆட்களின் பெயரையும் ஊர்ப் பெயரையும் அவை பிழை என்றுதான் காட்டும். பெயரையும் அதன் முன்னெழுத்தையும் அவரவரிடமே கேட்டு எழுதுவதுதான் சரி. ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுதான் அவருக்கு இலக்கணம்.

திருத்தி இல்லாமலே பிடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன், போஸ்டர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அந்தப் படத்தில் 'ஓவியப் பயிற்ச்சி' என்று இருந்தது. தமிழ்ச் சொல்லுக்குள் ய், ர், ழ் இந்த மூன்று ஒற்றுக்குப் பின்னால்தான் இன்னொரு ஒற்று வரும். வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி சரி. ட், ற் பின்னால் வராது. ஆகவே பயிற்சி, முயற்சி, காட்சி, கட்சி. படத்தில் இரண்டு புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் வரும் இடத்தையெல்லாம் தேடுங்கள். முதல் புள்ளி ட் மேலோ ற் மேலோ இருந்தால் இரண்டாவது ஒற்றையே அடித்துவிடலாம். மற்றபடி 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று உங்கள் குரூப்பில் சண்டை வரும். அறிஞர்களிடையேயே இரண்டு கட்சி உண்டு. நான் ஒற்று இல்லாமல் எழுதுகிறேன். எதை எடுத்தாலும் ஒரே படத்தில் இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசிப் பார்வைக்கு அச்சகத்து வழிதான் இன்னும் சிறந்தது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையில் படம் மட்டும், இன்னொருவர் கையில் சரிபார்த்து முடித்த எழுத்துக் கோப்பு. படம் வைத்திருப்பவர் வாசிக்க வேண்டும், சொல்லாக இல்லை, எழுத்தாக. 'வெ, ற் ஒற்று, றி' என்று ஒற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடில் வந்தால் இழுத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் கோப்பில் விரல் வைத்துத் தொடர்வார். கீழ் வரியிலிருந்து மேலே போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் அர்த்தம் முன்கூட்டியே ஓடாது. படத்தை வாசிப்பவர் அதைத் தயாரித்தவராக இருக்கக் கூடாது. ஏழு வரிப் படத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆள் கிடைக்காவிட்டால் கூகுள் லென்ஸில் படத்தைக் காட்டி எழுத்தை நகலெடுத்து, கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடலாம். ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம். அலங்கார எழுத்துருவில் சரியான சொல்லையும் தப்பாகப் படிக்கும். தேய்ந்துபோன புள்ளியைத் தானே ஊகித்து வைத்துச் சரியாகவும் காட்டிவிடும். அது வேறுபாடு காட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள். வேறுபாடு காட்டாத இடத்தைச் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

பிழை கிடைத்துத் திருத்தினால், அந்த வரியையும் அதற்கு மேல் கீழ் வரிகளையும் மறுபடி பாருங்கள். ஒரு சொல் நீண்டால் வரி மடங்கும், மடங்கினால் புள்ளி மறுபடி எங்காவது மாட்டும். 'பயிற்ச்சி'யைத் திருத்தியபோது பக்கத்தில் இருந்த 'முகாம்' இடம் மாறி, அதன் கடைசிப் புள்ளி மேல் வரியின் 'ச்சு' அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அப்புறம் படத்தை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து திறந்து பாருங்கள். அங்கே படம் சுருக்கப்படுகிறது, சின்ன எழுத்தின் புள்ளிகள் அதில்தான் மங்கும். மங்கினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அந்த வரியைப் படத்திலிருந்து எடுத்துக் கீழே எழுத்தாகப் போடுங்கள். குரூப்பில் ஏற்றும்போது கேலரியில் ஒரே மாதிரி நாலு படம் இருக்கும். பழைய மூன்றையும் முதலில் அழித்துவிடுங்கள். அந்தப் பொங்கல் படத்தில் எல்லாவற்றையும் திருத்தி முடித்த பிறகும் குரூப்பில் முதலில் போனது 'ஆறரம் ஆண்டு'தான்.